நோயைச் சொல்வதா, கஷ்டத்தைச் சொல்வதா? வரி அபராதத் தள்ளுபடி மனு கேட்கும் இரண்டு வேறு கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்து ஆடிட்டர் அலுவலகங்களில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்று உண்டு. நீண்ட நாள் மருத்துவமனையில் கிடந்தவருக்கு வருமான வரித் துறையிடமிருந்து அபராத ஆணை வருகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்து, "உடல்நிலை சரியில்லாமல் இருந்தேன், கருணையுடன் அபராதத்தைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்று மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதுகிறார். மாதக்கணக்கில் பதிலில்லை, அல்லது மறுத்து ஆணை வருகிறது. நோய் பொய்யில்லை, சான்றும் பொய்யில்லை. பிறகு மனு ஏன் நிற்கவில்லை என்பதுதான் புரிவதில்லை.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். சட்டம் வெவ்வேறு அதிகாரிகளுக்கு வெவ்வேறு கேள்விகளை வைத்திருக்கிறது. ஓர் அதிகாரி "ஏன் தவறினீர்கள்?" என்று கேட்கிறார். மற்றவர் "இந்தத் தொகையைக் கட்டினால் உங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்கிறார். முதல் கேள்விக்குரிய பதிலை இரண்டாமவரிடம் எழுதினால், அந்தப் பதில் எவ்வளவு உண்மையானாலும் அவருக்குப் பயன்படாது. இந்த இரண்டு கேள்விகளையும் ஓர் எடுத்துக்காட்டின் வழியாகப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

## முதலில்: கட்டச் சொல்லியிருப்பது அபராதமா?

பேச்சு வழக்கில் எல்லாமே "ஃபைன்" தான். சட்டத்தில் மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன.

1. தாமதக் கட்டணம். வருமான வரிப் படிவத்தைக் கெடு தாண்டித் தாக்கல் செய்தால் 234எஃப் பிரிவின்படி 5,000 ரூபாய் கட்ட வேண்டும். மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாதவருக்கு 1,000 ரூபாய். இது கட்டணமே தவிர அபராதமன்று. தாமதத்திற்கான காரணத்தை இந்தப் பிரிவு கேட்பதே இல்லை. ஆகவே கீழே சொல்லப்போகும் வழிகள் எதுவும் இதற்குப் பொருந்தா.

2. வட்டி. வரியைத் தாமதமாகக் கட்டியதற்கானது. இதைக் குறைக்கக் கேட்கும் வழி தனி.

3. அபராதம். சட்டம் விதித்த ஒரு கடமையைச் செய்யத் தவறியதற்காக, அதிகாரி ஒருவர் நோட்டீஸ் அனுப்பி, விளக்கம் கேட்டு, ஆணை பிறப்பித்து விதிப்பது. மருத்துவமனை நாள்களைச் சொல்லித் தள்ளுபடி கேட்க இடமிருப்பது இதற்குத்தான்.

கையிலுள்ள காகிதத்தில் எந்தப் பிரிவு எண் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டே மனுவைத் தொடங்க வேண்டும். 5,000 ரூபாய்க் கட்டணத்திற்காக ஆணையர் வரை மனு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இக்கட்டுரையில் வரும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தினுடையவை. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கான நடவடிக்கைகளைப் பழைய சட்டமே ஆளும்.

## எடுத்துக்காட்டு: புதுவயல் நெல் வியாபாரி

புரிதலுக்காக அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது. புதுவயலில் நெல் வாங்கி, அரைத்து, மூட்டையாக விற்கும் ஒருவர். தனியுரிமை வியாபாரம்; பங்குதாரர் இல்லை. 2022-23 நிதியாண்டில் விற்றுமுதல் 2 கோடியே 40 லட்சம் ரூபாய். நெல் கொண்டுவரும் விவசாயிகளுக்கு ரொக்கமாகக் கொடுப்பதால், மொத்தக் கொடுக்கலில் ரொக்கம் 5 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 10 கோடி ரூபாய் வரை தணிக்கை தேவையில்லை என்ற சலுகை இவருக்குக் கிடைக்காது; 1 கோடி என்ற வரம்பே பொருந்தும். 44ஏபி பிரிவின்படி கணக்கைத் தணிக்கை செய்து, அறிக்கையை 2023 செப்டம்பர் 30க்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 11 அன்று பக்கவாதம் தாக்கி மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். அக்டோபர் 17 அன்று வீடு திரும்புகிறார். இருபுறமும் சேர்த்து 68 நாள்கள். தணிக்கை அறிக்கை டிசம்பர் 18 அன்று தாக்கலாகிறது. வருமான வரிப் படிவத்தையும் அன்றே தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்து, வரியையும் வட்டியையும் முழுமையாகக் கட்டிவிடுகிறார்.

தணிக்கையில் தவறியதற்கான அபராதம் 271பி பிரிவில் இருக்கிறது. விற்றுமுதலில் அரை விழுக்காடு அல்லது 1,50,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. 2 கோடியே 40 லட்சத்தில் அரை விழுக்காடு 1,20,000 ரூபாய். வரி ஏய்ப்பு ஏதுமில்லை, ஒரு ரூபாய் வரிகூட விடுபடவில்லை என்றாலும் இந்தத் தொகை விற்றுமுதலைக் கொண்டே கணக்கிடப்படுகிறது, இலாபத்தைக் கொண்டன்று. குறைந்த இலாபத்தில் ஓடும் நெல் வியாபாரத்தில் இந்த வேறுபாடு பெரிது.

2025 பிப்ரவரி 12 அன்று காரணம் கேட்கும் நோட்டீஸ் வருகிறது. அவர் "உடல்நலக் குறைவால் தாமதமாயிற்று" என்று ஒரே வரியில், எந்த ஆவணமும் இல்லாமல் பதில் அனுப்புகிறார். ஆகஸ்ட் 20 அன்று 1,20,000 ரூபாய் அபராத ஆணையும், அதைக் கட்டச் சொல்லும் கேட்பு நோட்டீஸும் வந்து சேர்கின்றன. "மேலதிகாரிக்கு ஒரு லெட்டர் போடுவோம்" என்ற பேச்சு எழுவது வழக்கமாக இந்த இடத்தில்தான்.

## இரண்டு வாசல்கள், இரண்டு கேள்விகள்

### முதல் வாசல்: "ஏன் தவறினீர்கள்?"

273பி பிரிவு ஒரு பட்டியலைத் தந்து, அதிலுள்ள தவறுகளுக்கு "நியாயமான காரணம் இருந்தது என்று அவர் மெய்ப்பித்தால்" அபராதம் விதிக்கலாகாது என்கிறது. 271பி அந்தப் பட்டியலில் இருக்கிறது. மெய்ப்பிக்கும் பொறுப்பு வரி செலுத்துபவருடையது என்பதையும் அந்தப் பிரிவே சொல்கிறது.

இது உண்மையில் தள்ளுபடியே அன்று. காரணம் மெய்ப்பிக்கப்பட்டால் அபராதம் எழவே எழாது. எனவே இங்கே கருணை கேட்கத் தேவையில்லை. சட்டப்படியான கடமையைச் செய்யத் தவறினார் என்பதற்காக மட்டுமே இயந்திரம் போல அபராதம் விதிக்கக் கூடாது, சூழ்நிலைகளை எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1969இல் ஹிந்துஸ்தான் ஸ்டீல் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

இந்தக் கேள்வியை முதலில் கேட்பவர் அபராத நோட்டீஸ் அனுப்பும் அதிகாரி. அவர் ஏற்கவில்லை என்றால் அதே கேள்வியை மீண்டும் கேட்பவர் மேல்முறையீட்டு ஆணையர். அவரிடம் படிவம் 35 மூலம், கேட்பு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் போக வேண்டும். நம் வியாபாரிக்கு 2025 செப்டம்பர் 19 கடைசி நாள்.

### இரண்டாம் வாசல்: "கட்டினால் என்ன ஆகும்?"

273ஏ பிரிவின் 4ஆம் உட்பிரிவு, முதன்மை ஆணையருக்கு அல்லது ஆணையருக்கு வேறொரு அதிகாரத்தைத் தருகிறது. விதிக்கப்பட்டுவிட்ட எந்த அபராதத்தையும் அவர் குறைக்கலாம், முழுமையாகத் தள்ளலாம், வசூலை நிறுத்தியும் வைக்கலாம். அதற்கு அவர் இரண்டு விஷயங்களில் நிறைவடைய வேண்டும்: தள்ளாவிட்டால் மனுதாரருக்கு உண்மையான இடர்ப்பாடு நேரும் என்பது ஒன்று, விசாரணையிலும் வசூலிலும் அவர் ஒத்துழைத்திருக்கிறார் என்பது மற்றது. காரைக்குடி வட்டாரத்திற்கு இந்த மனு மதுரையிலுள்ள முதன்மை ஆணையருக்குப் போகும்.

தவறுக்குக் காரணம் இருந்ததா என்ற கேள்வி இந்த உட்பிரிவின் நிபந்தனைகளில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 68 நாள் மருத்துவமனையில் இருந்ததால் அறிக்கை தாமதமாயிற்று என்று மூன்று பக்கம் எழுதினாலும், "சரி, இப்போது 1,20,000 ரூபாய் கட்டுவதில் உமக்கு என்ன இடர்ப்பாடு?" என்ற கேள்வி அப்படியே நிற்கும். மறுபுறம், மேல்முறையீட்டில் மருத்துவச் செலவையும் கடனையும் அடுக்கினால், "அது தவறுக்குக் காரணமன்று" என்று ஒரே வரியில் ஒதுக்க முடியும். பெரும்பாலான மனுக்கள் இந்த இடத்தில்தான் தடம் மாறுகின்றன.

இரண்டில் எதை முதலில் தட்டுவது? 4ஆம் உட்பிரிவில் மனு செய்யக் கடைசி நாள் என்று எதுவும் குறிக்கப்படவில்லை. மேல்முறையீட்டுக்கோ 30 நாள்தான். மனுவை மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் மேல்முறையீட்டு வாய்ப்பைத் தவறவிடுகிறார். தாமதத்தை மன்னிக்க மேல்முறையீட்டு ஆணையருக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதற்கு இன்னொரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். மருத்துவமனைக் காரணம் வலுவாக இருப்பவர் முதல் வாசலையே முதலில் தட்ட வேண்டும் என்பது என் கருத்து. அங்கே வென்றால் அபராதமே இல்லை. இரண்டாம் வாசலிலோ தொகை குறைவதும் தள்ளுபடியாவதும் அதிகாரியின் மனநிறைவைப் பொறுத்தவை.

## முதல் வாசல்: 79 நாள்களைப் பிரித்தல்

செப்டம்பர் 30லிருந்து டிசம்பர் 18 வரை தாமதம் 79 நாள்கள். மருத்துவமனையில் இருந்தது 68 நாள்கள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து "ஏறக்குறைய சரியாகிவிட்டதே" என்று எண்ணுவதுதான் முதல் பிழை. 68 நாள்களில் 51 நாள்கள் கெடுவுக்கு முந்தியவை. கெடு தாண்டிய 79 நாள்களில் அவர் மருத்துவமனையில் இருந்தவை 17 மட்டுமே. படிக்கும் அதிகாரி இந்தக் கழித்தலை உடனே செய்துவிடுவார். மனுவில் அது இல்லாவிட்டால், மறைக்கிறார் என்ற எண்ணமும் சேர்ந்துவிடும். எனவே மனுவே பிரித்துக் காட்ட வேண்டும்.

1. அக்டோபர் 1 முதல் 17 வரை, 17 நாள்கள். மருத்துவமனையில். இதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி போதும். அதிலுள்ள பெயரும் முதலெழுத்தும் பான் அட்டையிலுள்ளதோடு ஒத்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. அக்டோபர் 18 முதல் நவம்பர் 28 வரை, 42 நாள்கள். வீட்டில், மருத்துவர் சொன்ன ஆறு வார ஓய்வில். வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஏனெனில் டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பத்தியில் வழக்கமாக "நலமாக இருக்கிறார், நடக்கிறார்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அது மருத்துவருக்கு நல்ல செய்தி. மனுதாரருக்கு எதிரான சான்று. எனவே நோயின் பெயரைச் சொல்லும் சான்றிதழ் போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எதைச் செய்ய இயலாதிருந்தார் என்று சொல்லும் சான்றிதழ் வேண்டும். "வலது கை பலவீனமாக இருந்தது, பேச்சு தெளிவாக இல்லை, கணக்கு விவரங்களை நினைவுகூர்ந்து விளக்கும் நிலையில் இல்லை" என்பது பயன்படும். "சிகிச்சையில் இருந்தார்" என்பது பயன்படாது. இரண்டாண்டு கழித்து வாங்கிய சான்றிதழை ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். அதனால் அந்த நாள்களிலேயே உண்டான காகிதங்களை அதன் பின்னால் வைக்க வேண்டும்: பிசியோதெரபி ரசீதுகள், மறுபரிசோதனைச் சீட்டு, மருந்துக்கடை பில்கள். தேதியிட்ட ஒரு சின்ன ரசீதுக்கு, இரண்டாண்டு கழித்து வந்த நீண்ட சான்றிதழைவிட எடை அதிகம்.

3. நவம்பர் 29 முதல் டிசம்பர் 18 வரை, 20 நாள்கள். தணிக்கை நடந்த காலம். ஆடிட்டர் எப்போது தொடங்கினார், டிசம்பர் 16 அன்று அறிக்கையை இணையத் தளத்தில் ஏற்றினார், டிசம்பர் 18 அன்று வியாபாரி தன் கணக்கில் நுழைந்து அதை ஏற்றுக்கொண்டார் என்பதை ஆடிட்டரின் கடிதமே சொல்லட்டும். ஆடிட்டர் ஏற்றிய நாளோடு தாக்கல் முடிந்துவிடுவதில்லை, வரி செலுத்துபவர் ஏற்றுக்கொண்ட பிறகே முடிகிறது. இந்த இடைவெளியைச் சிலர் தவறாகக் கணக்கிடுகிறார்கள்.

கெடுவுக்கு முந்தைய காலத்தைப் பற்றியும் ஒரு கேள்வி வரும்: ஏப்ரல் முதல் ஆகஸ்ட் 10 வரை நலமாகத்தானே இருந்தார், அப்போதே ஏன் தணிக்கையை முடிக்கவில்லை? இதற்குப் பதில் எளிது. சட்டம் செப்டம்பர் 30 வரை நேரம் தருகிறது. அதைப் பயன்படுத்துவது தவறன்று. முந்தைய மூன்று ஆண்டுகளிலும் அறிக்கை செப்டம்பரில், கெடுவுக்குள், தாக்கலான ஒப்புகைச் சீட்டுகளை இணைத்தால் அவருடைய வழக்கமும் ஒழுங்கும் ஒருசேரத் தெரியும்.

### "ஜிஎஸ்டி ரிட்டர்ன் மட்டும் போனதே?"

பலரும் எதிர்பாராத கேள்வி இதுதான், துறையிடமே இதற்கான விவரமும் இருக்கிறது. அவர் மருத்துவமனையில் இருந்த செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஜிஎஸ்டி மாதப் படிவங்கள் உரிய நாளில் தாக்கலாகியிருக்கின்றன. வங்கிக் கணக்கில் வரவு செலவு நடந்திருக்கிறது. கடை திறந்திருந்தது, படிவம் போயிற்று, தணிக்கை மட்டும் ஏன் முடியவில்லை?

இதை மனுவில் மறைக்காமல், அதிகாரி கேட்கும் முன்னே சொல்லிவிடுவது நல்லது. ஜிஎஸ்டி மாதப் படிவம் அந்த மாத விற்பனைச் சீட்டுகளின் கூட்டல். பதிவான எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொண்டு கணக்குப்பிள்ளையே அதை முடித்துவிட முடியும். தணிக்கை அப்படிப்பட்டதன்று. மார்ச் 31 அன்று கிடங்கில் இருந்த நெல், அரிசி, தவிட்டின் அளவும் மதிப்பும் என்ன, விவசாயிகளுக்கு ரொக்கமாகக் கொடுத்த தொகைகள் எவ்வாறு கொடுக்கப்பட்டன, யாரிடம் வாங்கிய கைமாற்று இன்னும் நிற்கிறது என்றெல்லாம் ஆடிட்டர் கேட்பார். தனியுரிமை வியாபாரத்தில் இவற்றின் விடை உரிமையாளர் மனத்தில்தான் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கணக்குப்பிள்ளையின் உறுதிமொழிக் கடிதமும் ஆடிட்டரின் கடிதமும் சேர்ந்து காட்ட வேண்டும். ஆனால் அந்த மாதங்களில் உரிமையாளரே காசோலைகளில் கையெழுத்திட்டிருந்தால் இந்த வாதம் சரிந்துவிடும். எழுதுமுன் வங்கியில் கேட்டு அதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

### ஆவணம் முன்பே ஏன் வரவில்லை?

நம் வியாபாரி முதல் நோட்டீஸுக்கு ஒரு வரியில் பதில் அனுப்பியது இங்கே சிக்கலாகிறது. கீழதிகாரியிடம் காட்டாத ஆவணங்கள் மேல்முறையீட்டில் "கூடுதல் சான்று" ஆகிவிடும். வருமான வரி விதிகளில் 46ஏ விதியின்படி, முன்பு தர இயலாமைக்குப் போதிய காரணம் இருந்தால் போன்ற சில நிலைகளில் மட்டுமே ஆணையர் அதை ஏற்பார். எனவே டிஸ்சார்ஜ் சம்மரியை இணைப்பதோடு, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று தனி மனுவும், முன்பு தராததற்கு உண்மையான விளக்கமும் வைக்க வேண்டும். காரணம் கேட்கும் நோட்டீஸ் வந்த அன்றே ஆவணங்களை முழுமையாகத் தந்திருந்தால், இந்தச் சுற்று முழுவதும் மிச்சம்.

## இரண்டாம் வாசல்: இடர்ப்பாட்டை எழுதுதல்

முதன்மை ஆணையருக்கு எழுதும் மனுவில் மருத்துவமனை மீண்டும் வருகிறது, ஆனால் வேறு வேடத்தில். அங்கே தேதிகள் பேசின. இங்கே தொகைகள் பேச வேண்டும்.

எடுத்துக்காட்டில் மருத்துவச் செலவு 9,40,000 ரூபாய். காப்பீடு தந்தது 3,00,000. மீதி 6,40,000இல் நகைக்கடன் 4,00,000, உறவினரிடம் கைமாற்று 2,40,000. உரிமையாளர் படுத்துவிட்டதால் அடுத்த நிதியாண்டில் விற்றுமுதல் 2 கோடியே 40 லட்சத்திலிருந்து 1 கோடியே 55 லட்சமாக இறங்கியது. இந்த நிலையில் 1,20,000 ரூபாய் கட்டினால் எது நின்றுபோகும் என்பதுதான் மனுவின் மையம்: நெல் வாங்கும் முதலா, நகைக்கடன் வட்டியா, தொடர் சிகிச்சையா? "மிகவும் கஷ்டப்படுகிறேன்" என்ற சொற்களைவிட, நகை ஏலத்துக்கு வரும் தேதியிட்ட வங்கிக் கடிதம் அழுத்தமாகப் பேசும்.

செட்டிநாட்டு மனுதாரருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. சொத்து விவரத்தில் "பூர்விக வீடு" என்று வரும். வெளியாருக்கு அது தெருவுக்குத் தெரு நீளும் பெரிய வீடு. பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பதித்த மாளிகை. இதை வைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கு இடர்ப்பாடா என்று அதிகாரி நினைப்பது இயல்பே. ஆனால் அது பங்காளிகள் பலருக்கும் பொதுவான, பிரிக்கப்படாத சொத்து. இவருக்கு உரியது அதில் ஒரு பங்கு, நடைமுறையில் வளவில் ஓர் அறை. மற்றப் பங்காளிகளின் இசைவின்றி விற்கவோ அடகு வைத்துப் பணம் வாங்கவோ எளிதில் முடியாது. பராமரிப்புச் செலவில் பங்கு மட்டும் தவறாமல் வரும். பங்குதாரர் எத்தனை பேர், இவர் பங்கு எவ்வளவு என்பதைப் பத்திரத்தின் நகலோடு ஒரு பத்தியில் சொல்லிவிட வேண்டும். வீட்டைப் பற்றிப் பேசாமல் விடுவது மோசமான உத்தி, ஏனெனில் அது எப்படியும் தெரியவரும்.

"உண்மையான இடர்ப்பாடு" என்ற தொடரைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2008இல் பி. எம். மலானி வழக்கில் பேசியிருக்கிறது. அது வட்டித் தள்ளுபடி பற்றிய வழக்கு. "உண்மையான" என்றால் போலியற்ற, பாசாங்கில்லாத என்று பொருள் கொள்ள வேண்டும் என்றும், தன் தவறிலிருந்தே ஒருவர் ஆதாயம் பெற முடியாது என்ற கொள்கையையும் மனத்தில் கொள்ள வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. மனுதாரரின் நடத்தைக்கு இடமிருப்பது இதனால்தான். இரண்டாம் நிபந்தனையான ஒத்துழைப்பைக் காட்ட, வரியும் வட்டியும் கட்டிய நாள், ஒவ்வொரு நோட்டீஸுக்கும் பதில் தந்த நாள் ஆகியவற்றை வரிசையாக எழுத வேண்டும். முதல் நோட்டீஸுக்கு ஒரு வரியிலேனும் பதில் அனுப்பியது இங்கே உதவுகிறது. பதிலே அனுப்பாதவருக்கு இந்த நிபந்தனையே தடையாகும்.

## மனுவின் உடல்

ஆடிட்டர்கள் இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவதே வழக்கம். உள்ளடக்கம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் காட்டவே இங்கே தமிழில்:

> மதுரை, முதன்மை வருமான வரி ஆணையர் அவர்களுக்கு.
>
> பொருள்: 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கு 271பி பிரிவின்கீழ் 20.08.2025 அன்று விதிக்கப்பட்ட 1,20,000 ரூபாய் அபராதத்தை 273ஏ(4) பிரிவின்கீழ்த் தள்ளுபடி செய்ய வேண்டுதல்.
>
> ஐயா, மேற்படி ஆணையை எதிர்த்து மேல்முறையீட்டு ஆணையரிடம் உரிய காலத்தில் மேல்முறையீடு செய்துள்ளேன். அது நிலுவையில் உள்ளது. அபராதம் விதிக்கக் காரணம் இருந்ததா என்ற கேள்வியை இந்த மனுவில் நான் எழுப்பவில்லை. இத்தொகையைச் செலுத்துவது எனக்கு உண்மையான இடர்ப்பாட்டை உண்டாக்கும் என்பதையும், துறையின் எல்லா நடவடிக்கைகளிலும் ஒத்துழைத்துள்ளேன் என்பதையும் மட்டுமே தங்கள் முன் வைக்கிறேன்.
>
> 11.08.2023 முதல் 17.10.2023 வரையிலான சிகிச்சைக்கு 9,40,000 ரூபாய் செலவாயிற்று. காப்பீட்டுத் தொகை போக மீதியைக் கடனாகவே பெற்றேன். நகைக்கடனில் இன்று நிலுவையாக உள்ள தொகைக்கான வங்கிக் கடிதம் இணைப்பு 3இல் உள்ளது.
>
> பூர்விக வீட்டில் எனக்குள்ள உரிமை பிரிக்கப்படாத ஒரு பங்கு மட்டுமே. விவரம் இணைப்பு 5இல் உள்ளது.
>
> முழுத் தொகையையும் தள்ளுபடி செய்யுமாறும், அது இயலாதெனில் தாங்கள் பொருத்தமெனக் கருதும் அளவுக்குக் குறைக்குமாறும், எதிரான முடிவெடுக்கும் முன் நேரில் கேட்க வாய்ப்பளிக்குமாறும் வேண்டுகிறேன்.

"ஐயா" என்று தொடங்கும் பத்தியில் மேல்முறையீட்டை வெளிப்படையாகச் சொல்லியிருப்பதைக் கவனிக்கலாம். அதை மறைத்தால், பின்னால் தெரியவரும்போது ஒத்துழைப்பு என்ற நிபந்தனையே ஆட்டம் காணும். கடைசிப் பத்தியில் "அது இயலாதெனில் குறைக்குமாறும்" என்பதும் வேண்டுமென்றே வைத்தது. சட்டம் இரண்டுக்கும் அதிகாரம் தந்திருக்க, ஒன்றை மட்டும் கேட்பானேன்?

## மனு போன பிறகு

அபராதம் 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால், முதன்மை ஆணையர் தாமாகத் தள்ளிவிட முடியாது; தலைமை ஆணையர் நிலையிலுள்ள அதிகாரியின் முன் ஒப்புதல் வேண்டும். நம் வியாபாரியின் 1,20,000 ரூபாய் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. மனு இரண்டு மேசைகளைக் கடக்க வேண்டும் என்பதால், மனுதாரரை நேரில் பார்த்திராத ஒருவர் படித்தாலும் விளங்கும்படி இணைப்புகளுக்கு எண்ணிட்டு, முதல் பக்கத்திலேயே பட்டியலிட்டுவிட வேண்டும்.

மனு கிடைத்த மாதத்தின் இறுதியிலிருந்து 12 மாதங்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்றும், முழுமையாகவோ பகுதியாகவோ மறுக்கும் முன் மனுதாரரைக் கேட்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதன் பிறகு வரும் ஆணை இறுதியானது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றே மிஞ்சும், அங்கேயும் அதிகாரி முறையாக முடிவெடுத்தாரா என்பதே முக்கியமாகப் பார்க்கப்படும்.

இவற்றுக்கிடையில் கேட்புத் தொகை சும்மா இருப்பதில்லை. நோட்டீஸில் தந்த 30 நாள் கழிந்தால் மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டி ஏறும். இந்தத் தொகைக்கு அது மாதம் 1,200 ரூபாய். மேல்முறையீடு செய்தாலே வசூல் நின்றுவிடாது. வசூலை நிறுத்திவைக்கும்படி மதிப்பீட்டு அதிகாரியிடம் தனியாகக் கேட்க வேண்டும். மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2017ஆம் ஆண்டு அறிவுறுத்தலின்படி வழக்கமாக 20 விழுக்காட்டை, இங்கே 24,000 ரூபாயை, கட்டச் சொல்லிவிட்டு மீதியை மேல்முறையீடு முடியும்வரை நிறுத்திவைப்பார்கள். அந்த 24,000 கட்டிய ரசீதை முதன்மை ஆணையருக்கான மனுவிலும் இணைக்கலாம். மேல்முறையீட்டில் வென்றால் அது திரும்பி வரும். தோற்றால், வசூலில் ஒத்துழைத்ததற்கு இரண்டாம் வாசலில் காட்டக்கூடிய சான்றாக அது நிற்கும்.